பி.காம். முடித்த பின் ஒரு வருடம்: எங்கே போய்ப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது

"நான் கரூர் பக்கம் ஒரு சின்ன ஊர். இந்த ஏப்ரலில் பி.காம். முடித்தேன், 68 சதவீதம். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் பேங்க் எக்ஸாம் எழுது என்கிறார்கள், தோழிகள் எம்.பி.ஏ. சேர்ந்துவிட்டார்கள். எனக்கு எது வரும் என்றே தெரியாததால், ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். மூன்று மாதம் போய்விட்டது. டேலி கோர்ஸ் பாதியில் நிற்கிறது, ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோ பார்க்கிறேன், பேங்க் எக்ஸாம் ஆப் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். எதுவும் நகரவில்லை. அம்மா வரன் பார்க்கலாமா என்று ஆரம்பித்துவிட்டார். மீதி மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது?"
(ஆகஸ்ட் முதல் வாரத்தில் எழுதிய வாசகி, கரூர் மாவட்டம்)

முதலில் டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், பேங்க் ஆப் மூன்றையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்தால், எவ்வளவு படித்தால் போதும் என்பதும் தெரியாது. அதனால்தான் மூன்றும் பாதியில் நிற்கின்றன. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒரு வேலை இடத்தில் போய் உட்காருங்கள். அங்கே எது தெரியாமல் முழிக்கிறீர்களோ அதை மட்டும் மாலையில் கற்றுக்கொள்ளுங்கள்.

வேலை இடம் என்று நான் சொல்வது நிரந்தர வேலையை அல்ல. ஒரு மாதம், தேதி போட்டு, இன்ன வேலை என்று பேசிக்கொண்டு போவது. பி.காம். முடித்து கரூர் பக்கம் இருக்கும் உங்களுக்கு இரண்டு இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று ஆடிட்டர் அலுவலகம். இன்னொன்று பெட்ஷீட், கிச்சன் டவல் அனுப்பும் ஏற்றுமதி நிறுவனம். வரும் டிசம்பருக்குள் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

எந்த மாதம், எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதக் கடைசியில் போனால் டீ குடித்துக்கொண்டு பழைய ஃபைல் அடுக்குவதைப் பார்ப்பீர்கள், "ஜாலியான வேலை" என்று தோன்றும். மாதாமாதம் கணக்கு காட்டும் வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி.யின் விற்பனைக் கணக்கான GSTR-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11-ம் தேதி. வரி கட்டி GSTR-3B போட 20-ம் தேதி. 7-லிருந்து 11 வரையும், 16-லிருந்து 20 வரையும்தான் அந்த அலுவலகத்தின் உண்மையான முகம் தெரியும். பில் அனுப்பாத கிளையன்ட், கெடு நாளில் திணறும் போர்ட்டல், இரவு ஒன்பது மணி வரை எரியும் விளக்கு எல்லாம் அப்போதுதான். செப்டம்பர் என்றால் இன்னும் விசேஷம். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அரசு நீட்டிக்காவிட்டால் அந்த மாதம் முழுக்கவே அலுவலகம் கொதிக்கும். அந்த மாதத்திலும் உங்களுக்கு அந்த வேலை பிடித்திருந்தால், அது நம்பக்கூடிய பிடித்தம்.

ஆகவே செப்டம்பர் 1 முதல் 30 வரை ஒரு ஆடிட்டர் அலுவலகம். கேட்கப் போகும் நாளையும் பார்த்துப் போங்கள். இந்த மாதம் 21-க்கு மேல் ஒரு காலைப் பொழுதில், அப்பா கடைக்கு வரிக்கணக்கு பார்ப்பவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். "வேலை இருக்கா சார்?" என்று கேட்டால் "இப்போ இல்லம்மா" என்ற பதில்தான் வரும். "சார், செப்டம்பர் முழுக்க வருகிறேன். வவுச்சர் கோர்க்கிறேன், பில் என்ட்ரி போடுகிறேன். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் போதும். 30-ம் தேதியோடு முடித்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். கெடு மாதத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஜோடிக் கையை வேண்டாம் என்பவர்கள் குறைவு. மூன்று நான்கு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். கெடு நாட்களில் எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ்ஸுக்கு வழி உண்டா என்பதை அப்போதே பேசிவிடுங்கள். வீட்டில் நாளைக்குப் பிரச்சினை கிளம்பினால் அது இந்த இடத்தில்தான் கிளம்பும்.

சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் சரி. "இன்னும் ரெண்டு மாசம் இப்படியே வாம்மா" என்றால் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டியது உங்கள் முறை. அப்புறம் இன்னொன்று. ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று யாருக்கும் பணம் கட்டாதீர்கள். நகலைக் காட்டினால் போதும். அதற்கு ஒப்பாத இடம் எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் வேண்டாம்.

உள்ளே போனதும் முதல் வாரம் கசக்கும். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது பில் அடுக்குவதும் பஞ்ச் போடுவதும்தான். அதை வைத்து "தணிக்கை எனக்குப் பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் வேலையைச் செய்துகொண்டே, அங்கே ஐந்தாறு வருடமாக இருக்கும் சீனியர் ஒருவரைக் கவனியுங்கள். அவர் நாள் எப்படிப் போகிறது? வந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதுகிறார், கிளையன்டிடம் பேசுகிறார், எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தோண்டுகிறார். நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது அந்த நாளைத்தான். பில் அடுக்குவது அதற்கான நுழைவுக் கட்டணம்.

மாலையில் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் வந்து சேரும். எக்ஸெல் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டாம், ஒரே ஒரு வேலையை முழுசாகச் செய்யப் பழகுங்கள். நான் பரிந்துரைப்பது GSTR-2B ஒப்பிடும் வேலை. விற்றவர் தன் GSTR-1-ல் காட்டிய பில்கள், வாங்கியவரின் GSTR-2B-யில் மாதம் 14-ம் தேதி வந்து நிற்கும். அதில் இல்லாத பில்லுக்கு வாங்கியவர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் கடையின் கொள்முதல் பதிவேட்டையும் 2B-யையும் மாதாமாதம் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். 14-க்கும் 20-க்கும் இடையில் அலுவலகத்தையே தின்னும் வேலை இது.

இரண்டு ஷீட்டிலும், A நெடுவரிசையில் இருக்கும் விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் B-யில் இருக்கும் பில் எண்ணையும் சேர்த்து F நெடுவரிசையில் ஒரு சாவி உண்டாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கொள்முதல் ஷீட்டில், அந்தச் சாவி 2B என்று பெயரிட்ட ஷீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்:

```
F2:  =TRIM(A2)&"-"&TRIM(B2)
G2:  =IF(COUNTIF('2B'!F:F,F2)>0,"இருக்கு","இல்லை")
```

ஃபார்முலா பத்து நிமிட வேலை. "இல்லை" என்று வந்தவற்றை என்ன செய்வது என்பதில்தான் திறமை. கடைக்காரர் "45" என்று எழுதியதை விற்றவர் "INV/045" என்று போட்டிருப்பார். ஒரு எழுத்து மாறிய ஜி.எஸ்.டி. எண்ணாக இருக்கும். மாதக் கடைசி பில்லை விற்றவர் அடுத்த மாதத்தில் காட்டியிருப்பார். அல்லது அவர் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார். முதல் இரண்டை எண்ணைப் பார்த்தே சரிசெய்யலாம், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டும், நான்காவதற்கு ஃபோன் எடுக்க வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த புதுமுகத்துக்கும், டேலி சான்றிதழை மட்டும் நீட்டும் புதுமுகத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்டர்வியூவில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். பழகும்போது கிளையன்ட் ஃபைலைப் ஃபோட்டோ எடுத்தோ பென் டிரைவில் போட்டோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அது நம்பிக்கைத் துரோகம். அப்பாவின் கடை பில்களே போதும். அந்தக் கடைக்கு 2B வராவிட்டால் முப்பது பொய் பில்களை நீங்களே உருவாக்கி, வேண்டுமென்றே ஆறில் தப்பு வைத்துப் பாருங்கள்.

தினமும் வீடு திரும்பியதும் மூன்று வரி எழுதுங்கள். இன்று என்ன செய்தேன், எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். "நல்லா இருந்தது", "போர் அடித்தது" என்று எழுதாமல் வேலையின் பெயரை எழுதுங்கள். ஈரோடு பக்கத்துப் பையன் ஒருவன், உங்களைப் போலவே பி.காம்., என்னிடம் வந்தபோது ஆடிட்டர் ஆபீஸ் ஒத்துவரவில்லை என்றுதான் ஆரம்பித்தான். குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்தால் கடிகாரம் பார்த்த நாளெல்லாம் பில் அடுக்கிய நாள், அல்லது பணம் கேட்டு, பில் கேட்டு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்த நாள். ஒத்துப்போகாத தொகையைத் துரத்திய நாட்களில் மதியச் சாப்பாட்டை மறந்திருக்கிறான். ஆக, அவனுக்கு எண்கள் பிடிக்கும், மனிதர்களைத் துரத்துவது பிடிக்காது. பிறகு ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பார்க்கப் போய் மூன்றாவது வாரத்திலேயே வேண்டாம் என்றான். அங்கே நாள் முழுக்கத் துரத்தல்தான். இப்போது ஒரு சாயப்பட்டறையில் கணக்குப் பிரிவில் இருக்கிறான், கூடவே சி.எம்.ஏ. படிக்கிறான். இரண்டு வருடம் எம்.பி.ஏ. படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டான் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

அக்டோபரைத் தேர்வுக்கு விடுங்கள். பேங்க் எக்ஸாமையும் ஒரு வேலையைப் போலவே சோதித்துப் பார்க்கலாம். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வி, ஒரு மணி நேரம். ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். ஒரு தவறான விடைக்கு கால் மதிப்பெண் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதுவும் படிக்காமல், பழைய தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அது தொடக்கப்புள்ளி. அதன் பிறகு தினமும் இரண்டு மணி நேரம் படித்து, ஞாயிறுதோறும் ஒரு தாள் எழுதி, அக்டோபரிலும் நவம்பரிலும் எட்டு மதிப்பெண்களை வரிசையாக எழுதுங்கள். ஏறிக்கொண்டே போனால் இது உங்களுக்கான பாதையாக இருக்கலாம். எட்டு வாரமும் ஒரே இடத்தில் நின்றால், அதுவும் ஒரே பகுதியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், நின்றால், இன்னொரு ஆப்புக்குப் பணம் கட்டுவதால் அது நகராது. அந்த ஒரு பகுதிக்கு ஆசிரியர் தேவை. தாள் எழுதவே உட்காராமல் வகுப்பு வீடியோ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தத் தேர்வு உங்களுக்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கிளார்க் தேர்வுக்கு வயது 20 முதல் 28, பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் மேலும் மூன்று வருடம். இந்த வருடமே எழுதித் தீர வேண்டும் என்ற அவசரம் எதுவும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. பக்கம் மனம் போனால், மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணம் கிடையாது.

தீபாவளி முடிந்ததும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை, ஏற்றுமதி நிறுவனம். இதற்கும் காரணம் உண்டு. ஜனவரியில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்கும். வீட்டு உபயோகத் துணி விற்பவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூடும் இடம், கரூர்க்காரர்களும் அங்கே கடை போடுவார்கள். அதற்கான சாம்பிள்களை முடிக்க டிசம்பரில் ஓட்டமாக ஓடுவார்கள். மெர்ச்சண்டைசர் என்றால் துணி டிசைன் செய்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் உண்மையில் செய்வது இது: வெளிநாட்டு பையர் அனுப்பிய மெயிலைப் படித்து விலை கணக்கிடுவது, சாயம் சரியா என்று பார்க்க லேப் டிப் என்ற சாய மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்குவது, நூல், தறி, சாயம், தையல், செக்கிங், பேக்கிங் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று டி அண்ட் ஏ சார்ட்டில் போட்டு, தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் ஃபோன் எடுப்பது. அதே கட்டடத்தில் டாக்குமென்டேஷன் என்று இன்னொரு மேஜை இருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் இவற்றில் உள்ள எடையும் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எல்.சி. என்ற வங்கி உத்தரவாதம் மூலம் பணம் வரும் ஆர்டரில் இவை ஒத்துப்போகாவிட்டால் வங்கி பணத்தை நிறுத்தி வைக்கலாம். இரண்டு மேஜையிலும் சில நாள் உட்காரவிடும்படி கேளுங்கள். ஃபோன் பேசுவது உங்களுக்குத் தெம்பு தருகிறதா, காகிதம் சரியாக இருப்பது தெம்பு தருகிறதா என்பது அங்கே பளிச்சென்று தெரியும். நீங்கள் ஓரமாக வைத்த ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் இங்கே பதில் கிடைக்கும். பையருக்கு ஐந்து வரி மெயில் பிழையில்லாமல் எழுதப் பழகினால், முதல் வருடத்துக்கு அது போதும்.

ஜனவரியில் உட்கார்ந்து குறிப்பேடு இரண்டையும் எட்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிலுமே நேரம் போனது தெரியாத நாள் இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு இடத்தைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி இருக்கிறது. பிப்ரவரி 28-க்கு மேல் புதுச் சோதனை வேண்டாம். அதற்குப் பின் வேலைக்கு விண்ணப்பம், அல்லது படிப்புக்கு விண்ணப்பம். தணிக்கைதான் என்றால் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேர பி.காம்.மில் 55 சதவீதம் வேண்டும், உங்களிடம் இருக்கிறது.

இதில் ஒரு இடறல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் NATS திட்டத்தில் பட்டதாரிகள் ஒரு வருடம் அப்ரண்டிஸாகச் சேரலாம், பி.காம்.மும் சேரலாம். பதிவு செய்யும் தளம் nats.education.gov.in. 2019-ல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், சேரும்போது நடப்பில் இருக்கும் தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்று ஐந்து வருடத்துக்குள் சேர வேண்டும், ஒருவருக்கு ஒருமுறைதான். ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் சேர முடியாது. முடித்தபின் அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அதனால் எது பிடிக்கும் என்று தெரியாத இப்போது கிடைத்த இடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். ஒரு மாதச் சோதனைகள் முடிந்து, துறை தெரிந்த பின், பிப்ரவரி முடிந்ததும் அந்தத் துறையிலேயே தேடிச் சேருங்கள். பதிவை மட்டும் இப்போதே செய்து வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் மனம் ஒருவேளை ஐ.டி. நிறுவனங்கள் பக்கம் போனால் இந்தக் கால அட்டவணை பொருந்தாது. புதியவர்களை எடுக்கும் அறிவிப்புகளில் பல நிறுவனங்கள் படிப்பு முடித்த ஆண்டைக் குறிப்பிட்டே கேட்கின்றன. அடுத்த ஜூன் வந்தால் நீங்கள் "போன வருட பேட்ச்". அந்த ஆசை இருந்தால் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள், சோதனைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். "ஒரு வருடம் கொடுங்கள்" என்றால் அம்மாவின் காதில் "சும்மா இருக்கப் போகிறேன்" என்றுதான் விழும். மேலே சொன்ன தேதிகளை ஒரு தாளில் எழுதி, எந்த மாதம் எங்கே, பிப்ரவரி 28-க்குள் என்ன முடிவு என்று அப்பாவிடம் கொடுங்கள். கடைக்குக் கொள்முதல் போடுபவருக்குத் தேதி போட்ட காகிதம் புரியும். வரன் பேச்சை மார்ச்சுக்குத் தள்ளச் சொல்லி அம்மாவிடம் அவரே பேசுவது, நீங்கள் பேசுவதைவிட எளிது.

ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் நாளிலும் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை. "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற வரி இல்லாவிட்டால் பரவாயில்லை, "கொள்முதல் பதிவேட்டை GSTR-2B-யுடன் ஒப்பிட்டார்" என்ற வரி வேண்டும். நீங்களே டைப் செய்து கொண்டுபோய் நீட்டினால் பெரும்பாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். லெட்டர் தர யோசித்தால், வேலை கேட்டுப் போகும் இடத்தில் உங்களைப் பற்றி விசாரிக்க அவர் ஃபோன் நம்பரைத் தரலாமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் ஆகும்.